விடை அடுத்த வரியில் இருக்கிறது

ஆங்கிலத் தேர்வில் பல பிள்ளைகளைக் குழப்பும் ஒரு பகுதி உண்டு. ஏழெட்டு வரியில் ஒரு பத்தி இருக்கும். நடுநடுவே கோடிட்ட இடங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் அடைப்புக்குள் ஒரு வினைச்சொல். அந்த வினையைச் சரியான வடிவத்தில் எழுத வேண்டும். சொல்லைத் தேட வேண்டியதில்லை, கேள்வித்தாளே அதைக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் டென்ஸ் அட்டவணையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட இங்கே மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். கோடு இருக்கும் வாக்கியத்தை மட்டும் பார்த்தால் பல இடங்களில் இரண்டு மூன்று டென்ஸ் பொருந்திவிடும். அதில் எதை எடுப்பது என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. அதைச் சுற்றியுள்ள வாக்கியங்கள்தான் சொல்லும்.

பத்தியில் சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் 'க்ளோஸ்' முறையை 1953-இல் அறிமுகப்படுத்தியவர் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர். ஒரு கட்டுரை படிக்க எளிதா, கடினமா என்று அளப்பதற்காக அவர் அதைக் கொண்டுவந்தார். குறிப்பிட்ட இடைவெளியில் சொற்கள் நீக்கப்பட்டிருக்கும். முழுப் பத்தியும் மனதில் ஓடினால்தான் விட்டுப்போன சொல் பிடிபடும். அடைப்புக்குள் வினை தரும் நம் தேர்வுக் கேள்வியில் எந்தச் சொல்லை எடுப்பது என்பதைக் கேள்வி தயாரிப்பவரே தீர்மானிக்கிறார். ஆனால் பத்தி முழுவதையும் படித்தாக வேண்டும் என்ற நிபந்தனை இதற்கும் உண்டு.

ஒரு பத்தியை எடுத்துச் செய்து பார்ப்போம். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

மை கிராண்ட்மதர் (லிவ்) இன் தஞ்சாவூர் சின்ஸ் 1975. த ஹவுஸ் (பில்ட்) பை ஹர் ஃபாதர். லாஸ்ட் சண்டே வீ (கோ) டு சீ ஹர். வென் வீ (ரீச்) த கேட், ஷீ (வாட்டர்) த பிளாண்ட்ஸ். த ஹோஸ் வாஸ் ஸ்டில் இன் ஹர் ஹேண்ட். ஷீ (ஆல்ரெடி குக்) லஞ்ச், சோ வீ ஏட் அட் ஒன்ஸ். ஷீ வில் கம் டு சென்னை வென் ஹர் நீ (கெட்) பெட்டர்.

பேனாவை எடுப்பதற்கு முன் கடைசி வரி வரை ஒரு முறை படித்துவிட வேண்டும். அப்படிப் படிக்கும்போது பத்தியில் மூன்று காலங்கள் இருப்பது தெரியும். பாட்டி இன்றும் தஞ்சாவூரில் இருக்கிறார், இது நிகழ்காலத்தைத் தொடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது முடிந்த கதை. சென்னைக்கு வரப்போவது எதிர்காலம். எந்தக் கோடு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் கோட்டில் நம் பிள்ளைகள் 'லிவ்ஸ்' அல்லது 'இஸ் லிவிங்' என்று எழுதுவார்கள். அது தமிழ் வழியாக வரும் பிழை. 'பாட்டி 1975-லிருந்து தஞ்சாவூரில் இருக்கிறார்' என்று நாம் சாதாரண நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்று வரை நீள்வதற்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட் வேண்டும். 'ஹாஸ் லிவ்ட்' சரி, 'ஹாஸ் பீன் லிவிங்' என்பதும் சரி. இங்கே இரண்டுக்கும் பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை.

'சின்ஸ்' வந்தால் 'ஹாஸ்' போடு என்று பல பிள்ளைகள் சூத்திரமாக மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தச் சூத்திரத்தை நம்பிவிடக் கூடாது. இதே பத்தி '2010-இல் நான் அவரைச் சந்தித்தபோது' என்று தொடங்கியிருந்தால், அளவு இன்று வரை வராது, 2010-உடன் நின்றுவிடும். அப்போது 'ஹாட் லிவ்ட்' அல்லது 'ஹாட் பீன் லிவிங்' என்று எழுத வேண்டும். எப்போது தொடங்கியது என்பதை மட்டும்தான் 'சின்ஸ்' சொல்கிறது. எந்தப் புள்ளி வரைக்கும் அளக்கிறோம் என்பது பத்தியின் மற்ற வரிகளில் இருக்கிறது. நம் பத்தியில் பாட்டி இனிமேல் சென்னைக்கு வருவார் என்று கடைசி வரி சொல்வதால், கதையைச் சொல்பவர் இன்றைய நாளிலிருந்து பேசுகிறார் என்பது உறுதியாகிறது.

இரண்டாவது கோட்டில் டென்ஸைப் பற்றி யோசிக்கும் முன் வேறொன்றைக் கேட்க வேண்டும்: வேலையைச் செய்தது யார்? வீடு தன்னைத்தானே கட்டிக்கொள்ளாது. கட்டியவரை 'பை' என்ற சொல் பின்னால் காட்டுகிறது. ஆகவே இது பாசிவ் வாய்ஸ், விடை 'வாஸ் பில்ட்'. எழுவாய் வேலையைச் செய்கிறதா, வேலைக்கு உள்ளாகிறதா என்று ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நொடி பார்த்துக்கொண்டால், டென்ஸ் சரியாக இருந்தும் மதிப்பெண் போகிற நிலை வராது.

மூன்றாவது கோடு பார்க்க எளிது. 'லாஸ்ட் சண்டே' என்று முடிந்த காலம் தெளிவாக இருப்பதால் 'வென்ட்' எழுத வேண்டும். ஆனால் கணிசமான விடைத்தாள்களில் 'ஹாட் கான்' என்று இருக்கும். இதுவும் தமிழ் வழியாக வருவதுதான். 'போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பார்க்கப் போயிருந்தோம்' என்பது நம் வாயில் இயல்பாக வரும் வாக்கியம். 'போயிருந்தோம்' என்பதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் 'ஹாட் கான்' கிடைக்கும். தமிழில் இந்த '-இருந்தோம்' போய்விட்டுத் திரும்பி வந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவும் பயன்படுகிறது. ஆங்கிலத்தின் பாஸ்ட் பெர்ஃபெக்ட்டுக்கோ ஒரு நிபந்தனை உண்டு. கடந்த காலத்தில் இன்னொரு புள்ளி இருக்க வேண்டும், இந்தச் செயல் அதற்கும் முன்னால் நடந்திருக்க வேண்டும். 'போன ஞாயிற்றுக்கிழமை போனோம்' என்பதில் அப்படி இன்னொரு புள்ளி இல்லை.

ஆறாவது கோட்டில் அது இருக்கிறது. நாங்கள் கேட்டை அடைந்தது ஒரு புள்ளி, அதற்கு முன்பே சமையல் முடிந்துவிட்டது. 'ஆல்ரெடி' என்ற சொல்லும், உடனே சாப்பிட்டோம் என்ற செய்தியும் அதை உறுதிசெய்கின்றன. ஆக விடை 'ஹாட் ஆல்ரெடி குக்ட்'. இங்கே தமிழில் 'சமைத்திருந்தார்' என்போம். அதே '-இருந்தார்' மூன்றாவது கோட்டில் தவறான விடைக்கு இழுத்தது, ஆறாவது கோட்டில் சரியான விடையைத் தருகிறது. அதனால் தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்து டென்ஸைத் தீர்மானிப்பவர் சில இடங்களில் தப்பிப்பார், சில இடங்களில் மாட்டிக்கொள்வார். 'எதற்கு முன்பு?' என்று கேட்டுப் பார்த்துப் பதில் பத்தியில் கிடைத்தால் 'ஹாட்' போடலாம். கிடைக்காவிட்டால் சிம்பிள் பாஸ்ட் போதும்.

இனி நான்காவதும் ஐந்தாவதும். 'நாங்கள் கேட்டை அடைந்தபோது' என்பது ஞாயிற்றுக்கிழமைக் கதையில் ஒரு நொடியில் முடிந்த செயல், ஆகவே 'ரீச்ட்'. ஆனால் அதே வாக்கியத்தில் உள்ள (வாட்டர்) அவ்வளவு எளிதில் பிடிபடாது. அந்த வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் 'வாட்டர்ட்', 'வாஸ் வாட்டரிங்', 'ஹாட் வாட்டர்ட்' ஆகிய மூன்றும் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பது அடுத்த வரிதான்.

நம் பத்தியில் அடுத்த வரி, ஹோஸ் இன்னும் பாட்டியின் கையில் இருந்தது என்கிறது. அப்படியானால் நாங்கள் போனபோது வேலை பாதியில் நடந்துகொண்டிருந்தது, விடை 'வாஸ் வாட்டரிங்'. அந்த வரியை மாற்றிப் பார்க்கலாம். 'மண் ஈரமாக இருந்தது, ஹோஸ் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது' என்று இருந்தால், நாங்கள் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. விடை 'ஹாட் வாட்டர்ட்' ஆகிவிடும். 'நாங்கள் வாங்கிப்போகும் புது ஹோஸுக்காகத்தான் அவர் காத்திருந்தார்' என்று இருந்தால், நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகே தண்ணீர் ஊற்றினார். அப்போது விடை வெறும் 'வாட்டர்ட்'. கோடு இருந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் விடை மூன்று முறை மாறிவிட்டது. ஒரு வாக்கியத்தைப் படித்து நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகிற பழக்கம் ஏன் ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு கோடு போதும்.

கடைசிக் கோட்டில் மறுபடி 'வென்' வருகிறது. ஆனால் இது ஞாயிற்றுக்கிழமையின் 'வென்' அல்ல. சென்னைக்கு வரப்போவதைப் பற்றிய பேச்சு என்பதால் பிள்ளைகள் 'வில் கெட்' என்று எழுதுவார்கள். எதிர்காலத்தைப் பற்றிப் பேசினாலும், 'வென்', 'இஃப்' போன்றவை தொடங்கிவைக்கும் இத்தகைய துணை வாக்கியத்தில் ஆங்கிலம் பொதுவாக 'வில்' போடுவதில்லை. விடை 'கெட்ஸ்'. விசித்திரமாகத் தோன்றினால் நம் தமிழையே பார்க்கலாம். 'முழங்கால் சரியானதும் வருவார்' என்கிறோம். வரப்போவதற்கு எதிர்கால வினை உண்டு, சரியாவதற்கு இல்லை. இந்த ஓர் இடத்தில் தமிழ் நமக்குத் துணைக்கு வருகிறது.

எல்லாம் நிரப்பிய பிறகு, வினைகளை மட்டும் வரிசையாகப் படித்து, நிகழ்ச்சிகள் எந்த ஒழுங்கில் நடந்தன என்று சொல்லிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கதையில் முதலில் சமையல் முடிகிறது. அடுத்து பாட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்குகிறார், அது நடக்கும்போது நாங்கள் கேட்டுக்கு வருகிறோம், பிறகு சாப்பிடுகிறோம். எழுதிய டென்ஸ்கள் இதே ஒழுங்கைச் சொன்னால் சரி. 'வாஸ் குக்கிங்' என்று எழுதியிருந்தால், சமைத்துக்கொண்டே தோட்டத்தில் நிற்கிற பாட்டி கிடைப்பார். உடனே சாப்பிட்டோம் என்பதும் ஒட்டாது. பிழை அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

எவ்வளவு கவனமாகப் படித்தாலும் இரண்டு விடை நிற்கும் இடங்கள் உண்டு. 'கதவைப் பூட்டிய பிறகு அவர் கிளம்பினார்' என்ற வாக்கியத்தில் 'ஆஃப்டர்' என்ற சொல்லே முன்பின்னைக் காட்டிவிடுவதால் 'லாக்ட்' என்றும் எழுதலாம், 'ஹாட் லாக்ட்' என்றும் எழுதலாம். கவனமாகத் தயாரித்த விடைக்குறிப்பு இரண்டையும் ஏற்கும். எழுதுபவர் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நகர்வதுதான் நல்லது. இரண்டையும் எழுதிவைத்தால், எதை எடுத்துக்கொள்வது என்ற சிக்கலைத் திருத்துபவரிடம் தள்ளிவிடுகிறோம்.

வீட்டில் பயிற்சி கொடுக்க நினைப்பவர்கள் மேலும் ஐம்பது கோடுகளை நிரப்பச் சொல்ல வேண்டாம். ஒரே கோட்டுக்கு மூன்று விடைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் சரியாகும்படி அடுத்த வரியைப் பிள்ளையையே எழுதச் சொல்லலாம். அதை எழுதத் தெரிந்த பிள்ளை, தேர்விலும் கோட்டை நிரப்பும் முன் அடுத்த வரியைப் படித்துவிடும்.