பாதம் எங்கே விழுகிறது?

நூறு மீட்டர் ஓடுபவரின் பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையில் இருக்கும் நேரம், ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உலகத் தரத்து வீரர்களுக்கு அதைவிடவும் குறைவு. அதற்குள் பாதம் எங்கே விழுந்தது, அந்த நேரத்தில் மற்ற கால் எங்கே இருந்தது, இடுப்பு எப்படி இருந்தது என்பதையெல்லாம் மைதான ஓரத்தில் நிற்கும் எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. மொத்தத் தோற்றம் மட்டுமே தெரியும். அதனால்தான் பள்ளி மைதானங்களில் பின்தங்கும் பிள்ளையைப் பார்த்து, "காலை நல்லா எட்டிப் போடு" என்று சத்தம் போடுகிறோம். பல பிள்ளைகளின் வேகத்தைக் குறைப்பதே அந்த அறிவுரைதான். ஒரு போனும் அரை மணி நேரப் பொறுமையும் இருந்தால், இதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் எந்த இடத்தைப் படம் பிடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். புறப்பட்ட முதல் சில அடிகளில் உடம்பு முன்னால் சாய்ந்துதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதை வைத்து நிமிர்ந்த ஓட்டத்தை எடைபோடக் கூடாது. முழு வேகம் வந்த பிறகு, அதாவது 40 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடைப்பட்ட பத்து மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். பாதையின் குறுக்கே இரண்டு இடத்திலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். போனைப் பாதையிலிருந்து சுமார் 12 மீட்டர் தள்ளி, இரண்டு கோடுகளுக்கும் சரி நடுவே, ஓடுபவரின் இடுப்பு உயரத்தில் ஒரு நாற்காலியிலோ ஸ்டாண்டிலோ படுக்கை வாட்டமாக அசையாமல் வையுங்கள். ஓடுபவரைத் தொடர்ந்து போனைத் திருப்பினால் கோணமெல்லாம் மாறி, அளவு எதுவும் நம்பும்படி இருக்காது. 'வைட்' லென்ஸும் வேண்டாம். ஓரங்களை வளைத்துக் காட்டும். நல்ல வெளிச்சம் தேவை. மாலை மங்கலில் எடுத்தால் பாதம் வெறும் புகைக்கோடாகத்தான் பதியும்.

ஸ்லோமோஷனில் விநாடிக்கு 240 பிரேம் வைத்துக்கொள்ளுங்கள். 120 இருந்தாலும் தோற்றத்தைப் பார்க்கப் போதும். நேரத்தை அளக்கத்தான் போதாது. ஒரு எச்சரிக்கை: சில போன்கள் குறைந்த பிரேம்களை எடுத்துவிட்டு, இடையில் தாமாகவே பிரேம்களை உருவாக்கி நிரப்பிக் காட்டும். இன்னொரு போனில் ஓடும் ஸ்டாப்வாட்ச்சை ஒருமுறை படம் பிடித்து, ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம் வருகிறது, எண்கள் தெளிவாக மாறுகின்றனவா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்க்கக் கணினியில் கினோவியா என்ற இலவச மென்பொருள் உண்டு. கோடு போடலாம், கோணம் அளக்கலாம்.

இப்போது பதினாறு வயது மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூறு மீட்டரை 13.5 விநாடி வாக்கில் ஓடுகிறார். கடைசி முப்பது மீட்டரில் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது குறை. நன்றாக உடம்பைச் சூடேற்றிய பிறகு, நடுவே ஐந்தாறு நிமிட ஓய்வு கொடுத்து மூன்று முறை ஓடச் சொல்லிப் படம் எடுத்தாயிற்று. ஒரு கோட்டுக்கு மேலே அவர் இடுப்பு வந்ததிலிருந்து மறு கோட்டுக்கு மேலே வரும் வரை 300 பிரேம். அதாவது பத்து மீட்டருக்கு 1.25 விநாடி, விநாடிக்கு 8 மீட்டர் வேகம். பாதம் தரையைத் தொட்ட பிரேமிலிருந்து தரையை விட்ட பிரேம் வரை 30. அடுத்த பாதம் தொடும் வரை காற்றில் 28. ஆக ஒரு அடிக்கு 58 பிரேம், விநாடிக்கு நாலு அடிக்குச் சற்று மேல். வேகத்தை அதனால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் 1.93 மீட்டர். கணக்கு இவ்வளவுதான். இதை எழுதி வைத்துவிட்டு எண்களைச் சற்று மறந்துவிடலாம்.

அடுத்து, பாதம் தரையைத் தொடும் முதல் பிரேமில் வீடியோவை நிறுத்துங்கள். நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள்: நிமிர்வு, அடி, கைவீச்சு, பாதம் விழும் இடம். ஆனால் நான்குக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதம் விழும் இடம் ஒரு விளைவு. மற்ற மூன்றும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. ஆகவே இந்த ஒரு பிரேமிலிருந்து பின்னோக்கிப் போவதே சரியான வழி.

இடுப்பு எலும்பின் பக்கவாட்டு முனையிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுங்கள். பாதம் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது? அளக்க அவருடைய ஷூவே போதும். இடுப்புக்கு நேர் கீழேயே பாதம் விழ வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். முழு வேகத்தில் அப்படி யாரும் ஓடுவதில்லை. நல்ல ஓட்டக்காரர்களுக்கும் பாதம் கொஞ்சம் முன்னால்தான் விழும். ஷூவின் நுனி கோட்டுக்கு ஒரு ஷூ நீளம் வரை முன்னால் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை என்பது நடைமுறைக் கணக்கு. நம் மாணவிக்கு ஒன்றரை ஷூவுக்கு மேல் வருகிறது. கணுக்காலும் முழங்காலுக்கு முன்னால் நீண்டிருக்கிறது. செங்குத்தாக இருக்க வேண்டிய முன்கால் சாய்ந்திருக்கிறது. இப்படி விழும் பாதம் ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறது. உடம்பு அந்தப் பாதத்தைத் தாண்டி வரும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால்தான் 30 பிரேம் தரையில் கழிகிறது.

அதே பிரேமில் மற்ற காலைப் பாருங்கள். நன்றாக ஓடுபவருக்குப் பாதம் தரையைத் தொடும் நேரத்தில் இரண்டு முழங்கால்களும் ஏறக்குறைய ஒன்றின் பக்கத்தில் ஒன்று வந்திருக்கும். இவருக்கு மற்ற முழங்கால் இன்னும் ஒரு சாண் பின்னால் இருக்கிறது. இதுதான் முக்கியமான தடயம். பின்னால் போன கால் தாமதமாகத் திரும்புகிறது. அது வந்து சேரும் வரை முன்கால் காற்றில் நீண்டுகொண்டே போகிறது.

ஏன் தாமதம்? பாதம் தரையை விடும் பிரேமுக்குப் போனால் விடை தெரியும். முழங்கால் முழுக்க நீண்டு, கால் பின்னால் வெகு தூரம் போய், பிறகு குதிகால் முதுகுப் பக்கமாக மேலே எழும்புகிறது. தொடை முன்பக்கம் உயரவே இல்லை. இங்கே ஓட்டக் கால்சட்டையின் இடுப்புப் பட்டையைக் கவனியுங்கள். பின்பக்கம் மேலேறி, முன்பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. இடுப்பு முன்னால் கவிழ்ந்து, முதுகு குழிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிக் கவிழ்ந்த இடுப்பிலிருந்து தொடையை முன்னால் உயர்த்துவது கடினம், பின்னால் வீசுவது சுலபம். பின்தொடைத் தசையும் அந்த நிலையில் ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. நீட்டிய கால் தரையில் அடிக்கும்போது இன்னும் இழுபடும். ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொண்டது என்று பாதி ஓட்டத்தில் நிற்கும் பிள்ளைகளின் பழைய வீடியோ கிடைத்தால் இதை அவசியம் பாருங்கள்.

கைகளைப் பார்க்கப் பின்புறமிருந்து தனியாக ஒரு வீடியோ வேண்டும். இவருக்கு இரண்டு கைகளும் மார்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகின்றன. முழங்கையை எப்போதும் 90 பாகையில் பூட்டி வைக்கச் சொல்வது தவறு. பின்னால் போகும்போது விரியும், முன்னால் வரும்போது மடங்கும், அது இயல்பு. கை குறுக்கே போவது பெரும்பாலும் கால் செய்யும் கோளாறுக்கு உடம்பு தேடிக்கொள்ளும் சமநிலை. இடுப்பு சரியானால் கையும் பெருமளவு சரியாகும். அதனால் கையில் தொடங்க மாட்டேன்.

திருத்தம் எங்கே என்றால், நிமிர்வில். "உயரமா ஓடு" என்ற ஒரே சொல் போதும். "காலை உள்ளே வை" என்று பாதத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். பாதத்தை நினைத்தால் ஓட்டம் தடுமாறும். இதோடு குச்சி ஓட்டம் ஒன்று சேர்க்கலாம்: இருபது மீட்டர் ஓடி வந்து, தரையில் வரிசையாக வைத்த மெல்லிய குச்சிகளை அடிக்கு ஒன்றாகத் தாண்டுவது. இடைவெளி அவருடைய அடியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும், 1.7 மீட்டரில் தொடங்கி 1.85 வரை கூட்டிக்கொண்டு போகலாம். குச்சியைத் தாண்டத் தொடை தானாக முன்னால் உயரும். கால் பின்னால் தங்க நேரமிருக்காது. வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு ஐந்தாறு ஓட்டம், உடம்பு களைப்பதற்கு முன்னால்.

நான்கைந்து வாரம் கழித்து அதே இடம், அதே கோடு, அதே உயரத்தில் போன் வைத்து மறுபடி எடுங்கள். ஒரு பிரேம் வித்தியாசத்தை முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். பாதம் தொட்ட பிரேமைக் கண்ணால் முடிவு செய்வதிலேயே ஒன்றிரண்டு பிரேம் தவறு வரும். இடது, வலது என நாலைந்து அடிகளின் சராசரியில் 30 என்பது 27 ஆகக் குறைந்தால், முழங்கால்களும் நெருங்கி வந்தால், அது உண்மையான மாற்றம். அடியின் நீளம் குறையாமல் தரையில் இருக்கும் நேரம் மட்டும் குறைந்தால், வேகம் கூடியே தீரும்.

வீடியோவுக்கு எல்லை உண்டு. தரையை எவ்வளவு பலமாக அடிக்கிறார் என்பதை அது காட்டாது. வேகமாக ஓடுபவர்கள் காலைக் காற்றில் அதிக விரைவாக வீசுவதால் வேகம் பெறுவதில்லை. தரையை அதிக விசையோடு அடிப்பதால்தான் பெறுகிறார்கள் என்று பீட்டர் வேயண்டும் அவருடைய குழுவினரும் 2000-இல் ஆய்வில் காட்டினார்கள். அந்தப் பலம் பயிற்சியில் வர வேண்டியது. இன்னொன்று, எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. மைக்கேல் ஜான்சன் முதுகை விறைப்பாக நிமிர்த்திக் குட்டை அடிகள் வைத்து 1996 அட்லாண்டாவில் 200 மீட்டரை 19.32 விநாடியில் ஓடினார். முதுகெலும்பு வளைவு உள்ள உசேன் போல்ட் 2009 பெர்லினில் சுமார் 41 அடிகளில் 9.58 விநாடிக்கு முடித்தார். இடதும் வலதும் கொஞ்சம் வேறுபடுவதைக் குறையாக எடுத்துத் திருத்தக் கிளம்ப வேண்டாம். வலியோடு வரும் வேறுபாடு என்றால் மட்டும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படம் எடுப்பதற்கு முன் பெற்றோரிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். ஓடிய பிள்ளைக்கு அந்த வீடியோவைத் தனியே உட்காரவைத்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.