வண்டிச் சத்தத்திற்குக் காது கொடுக்கும் வீடு



இரவு எட்டு மணி. தெருமுனையில் பைக் சத்தம் கேட்கிறது. அவர் ஸ்டாண்டைப் போடும் விதத்திலேயே இன்று எவ்வளவு குடித்திருக்கிறார் என்று வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. டிவி அணைகிறது. மூத்த பிள்ளை தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போகிறாள். அம்மா குழம்பில் உப்பு சரியா என்று மூன்றாம் முறை பார்க்கிறார். அடிவயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நாளைக் கழிக்கும் இத்தகைய வீடுகள் நம் பங்கிலும் உண்டு. சில வீடுகளில் பயந்து வாழ்பவர் கணவராகவும் இருப்பார்.

அங்கிருந்து நம்மிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பிரிந்து போனால் பாவமா, ஃபாதர்?”

திருமண நாளில், துன்பத்திலும் நோயிலும் உடனிருப்போம் என்று வாக்குக் கொடுத்தோம். குடிநோயும் ஒரு நோய்தான். ஆனால் நோயாளியுடன் இருப்பது வேறு, ஆபத்தின் கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளைகளோடு இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் திருஅவைச் சட்டமே தெளிவாகக் காட்டுகிறது. சேர்ந்து வாழ்வது தம்பதியரின் கடமையும் உரிமையும் என்கிறது 1151-ஆம் எண். நியாயமான காரணம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு என்றும் அங்கேயே சொல்கிறது. அந்தக் காரணம் எது என்பதை 1153-ஆம் எண் விளக்குகிறது. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பெரும் ஆபத்தை உண்டாக்கினால், அல்லது சேர்ந்து வாழ்வதை மிகக் கடினமாக்கினால், மற்றவர் பிரிந்து வாழலாம். ஆயரின் ஆணையோடு பிரிவதே முறை. தாமதித்தால் ஆபத்து என்றால், தாமாகவே வெளியேறலாம். மனத்தளவில் என்ற சொல்லையும் சட்டம் சேர்த்திருக்கிறது. எலும்பு முறியும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலின் 241-ஆம் பத்தியில், வலுக்குறைந்த துணைவரையும் சிறு பிள்ளைகளையும் காக்க வேண்டியிருக்கும்போது பிரிவு அறநெறிப்படியே தேவையாகலாம் என்கிறார்.

இப்படிப் பிரிந்தால் திருமணப் பிணைப்பு முறிவதில்லை. மறுமணம் செய்யாமல் தனித்து வாழ்கிறவருக்கு, பிரிந்து வாழ்கிறார் என்பதற்காக நற்கருணை மறுக்கப்படுவதும் இல்லை. இதை அறியாமல் பல ஆண்டுகளாக நற்கருணை வரிசையில் நிற்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது நமக்கு மனம் வலிக்கிறது.

சரி, இருப்பதா போவதா என்பதை எப்படி நிறுத்துப் பார்ப்பது? பல குடும்பங்களில் கண்டதை ஒரே குடும்பத்தின் கதையாக்கிச் சொல்கிறோம்.

ஒரு சகோதரி, தையல் வேலை செய்பவர். கணவர் கொத்தனார். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள். ஒவ்வொரு சண்டைக்கும் மறுநாள் அவர் அழுவார், மாதா படத்தின் முன் சத்தியம் செய்வார், பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கி வருவார். அந்த நல்ல நாளை வைத்தே சகோதரி ஒவ்வொரு முறையும் முடிவெடுத்து வந்தார். ‘சத்தியத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மூன்று மாதம் நாள்களை எண்ணிப் பாருங்கள்’ என்றார் ஓர் அருள்சகோதரி. வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் குறித்து வந்தார். குடித்த நாளுக்கு வட்டம். அடி, மிரட்டல், பொருளை உடைத்தல் நடந்த நாளுக்குப் பெருக்கல் குறி. அந்த நோட்டைக் கணவர் தொடுவதில்லை. தொடக்கூடியவராக இருந்தால் தங்கை வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் பத்தொன்பது பெருக்கல் குறிகள். அவற்றில் ஏழு, வட்டமில்லாத நாள்களில் விழுந்திருந்தன. நான்கு, குடித்ததற்கு மறுநாள் காலை. போதை இறங்கும் நேரத்து நடுக்கமும் எரிச்சலும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். சிகிச்சையில் அது குறைய வழியுண்டு. மீதி மூன்று? தாய் வீட்டுக்குப் போய் வந்த நாள், தையல் கூலியைக் கையில் கொடுக்காத நாள், போனில் யாரோடு பேசினாய் என்று கேட்ட நாள். மூன்றிலும் அவர் குடிக்கவில்லை. இந்த மூன்று குறிகள்தான் மற்றப் பதினாறையும்விட அதிகம் சொல்லின. தெளிவாக இருக்கும்போதும் துணைவரை அடக்கி ஆள்பவர் குடியை விட்டுவிட்டால் மட்டும் மாறிவிடமாட்டார். அது தனியாகக் கையாள வேண்டிய ஒன்று.

வேறொரு வீட்டில் நோட்டு வேறுவிதமாகச் சொல்லலாம். குடியே இல்லாமல், பல நாள்கள் தூக்கமின்றி, கடன் வாங்கிக் கண்டபடி செலவு செய்து, பிறகு பல வாரங்கள் எழுந்திருக்காமல் கிடந்தால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து பெரிதும் உதவக்கூடிய நோயாக இருக்கலாம்.

சகோதரி செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். யாரோ கொடுத்த ‘குடி மறக்க’ மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்தார். அவர் அன்றும் குடித்தார். முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று. உயிரே போயிருக்கலாம். தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பதும் அதுபோலவே ஆபத்து. திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அவர் குடிக்கச் சகோதரி காரணமும் அல்ல; அவரால் அதைக் குணமாக்கவும் முடியாது. சிகிச்சைக்கு வர ஒப்புக்கொள்ள வேண்டியவர் கணவர்.

டிசம்பரில் ஒருநாள் அவர் சகோதரியின் கழுத்தைப் பிடித்து நெரித்தார். அத்தோடு எண்ணுவது முடிந்தது. கழுத்தை நெரித்தல், ஆயுதம் எடுத்தல், கொன்றுவிடுவேன் என்று மிரட்டுதல், பிள்ளைகள்மேல் கைவைத்தல் ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும் நிறுத்துப் பார்க்கும் நேரம் கடந்துவிட்டது. கழுத்தில் தழும்பு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; உள்காயம் பிறகு தெரியவரலாம்.

போகப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வெளியேறும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழ், இவற்றின் நகல்கள் ஏற்கெனவே தங்கையிடம் இருந்தன. கணவர் வேலைக்குப் போன காலையில் பிள்ளைகளோடு கிளம்பினார். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசி, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைச் சந்தித்தார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாம் வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். மனத்தை நோகடிப்பதும் பணத்தைப் பறிப்பதும் அந்தச் சட்டத்தில் வன்முறையே.

பங்குத்தந்தையிடம் நடந்ததைச் சொன்னார். அவர் அவசரப்பட்டு இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசவில்லை, அது நல்லது. பயந்திருப்பவர் அடிப்பவர் முன்னால் உண்மையைப் பேசமாட்டார். மறைமாவட்டத்திற்கு எழுதப் பங்குத்தந்தை உதவினார். பிரிவுக்கான காரணம் நீங்கினால் மீண்டும் சேர வேண்டும் என்றும் சட்டம் சொல்வதால், காரணம் நீங்கியது எப்படித் தெரியும் என்று இருவரிடமும் தனித்தனியே பேசி எழுதிவைத்தார்கள்: சிகிச்சை முடித்து ஆறு மாதம் குடியின்மை, ஆலோசகரிடம் தவறாமல் செல்லுதல், மாதாமாதம் பிள்ளைகளின் செலவுக்குப் பணம், ஒரு மிரட்டல்கூட இல்லாமை.

கணவர் சிகிச்சையில் சேர்ந்தார். நான்காம் மாதம் ஒருமுறை குடித்தார். மறுநாளே ஆலோசகரிடம் தாமாகச் சென்று சொன்னார். ஆறு மாதக் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கியது. சகோதரி தங்கை வீட்டு மாடியில் தைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணிநேரம், கோவில் வளாகத்தில், தங்கையும் உடனிருக்க, பிள்ளைகள் அப்பாவைப் பார்க்கிறார்கள்.