ஒரு மூலையை வளைக்க இரண்டு மோட்டார்

மில்லிங் இயந்திரத்தில் சுழல்வது கட்டர். நகர்வது, பெரும்பாலும், வேலைப்பொருள். கையால் இயக்கும் பழைய இயந்திரத்தில் டேபிளுக்கு இரண்டு கைப்பிடிகள் உண்டு. ஒன்றைச் சுற்றினால் டேபிள் இடவலமாகப் போகும். இன்னொன்றைச் சுற்றினால் முன்பின்னாகப் போகும். இதில் நேர்கோடு வெட்டுவது எளிது. ஒரு கைப்பிடியைப் பூட்டிவிட்டு மற்றதைச் சீராகச் சுற்றினால் போதும். வளைவுதான் சிக்கல். வட்டத்தின் ஒரு துண்டை வெட்ட இரண்டு கைப்பிடிகளையும் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும், அதுவும் நொடிக்கு நொடி மாறும் வேகங்களில். எவ்வளவு தேர்ந்த கையானாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியத்தோடு இதைச் செய்ய முடியாது.

கணினி எண் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரத்தில் கைப்பிடிகளின் இடத்தில் மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றின் வேகங்களைக் கணக்கிட்டுத் தருவது கன்ட்ரோலர். அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவு அச்சுகளைக் கணக்கிட்ட புள்ளிகளைக் கொண்டு வெட்ட முயன்றதில் தொடங்கி, எம்.ஐ.டி. ஆய்வகம் 1952-இல் துளையிட்ட நாடாவால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைக் காட்டியதுவரை, இந்தத் தொழில்நுட்பத்தைப் பிறப்பித்தது வளைவுப் பிரச்சினைதான். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வெறுமனே சி.என்.சி. என்றால் பலர் லேத்தைத்தான் நினைப்பார்கள். செங்குத்து ஸ்பிண்டில் கொண்ட மில்லிங் இயந்திரத்துக்கு வி.எம்.சி. என்று பெயர்.

வி.எம்.சி.யின் ஒவ்வொரு அச்சிலும் ஒரு செர்வோ மோட்டார், அது சுழற்றும் ஒரு பால் ஸ்க்ரூ, மோட்டாரின் சுழற்சியை எண்ணும் ஒரு என்கோடர் ஆகியவை உண்டு. ஸ்க்ரூவின் ஒரு சுற்றுக்கு டேபிள் 10 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றை என்கோடர் 10,000 பங்காக எண்ணினால், ஒரு எண்ணிக்கை 0.001 மி.மீ. நகர்வைக் குறிக்கும். இந்த நேரத்தில் டேபிள் எங்கே இருக்க வேண்டும், என்கோடர் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கன்ட்ரோலர் ஒரு நொடிக்குள் பலநூறு முறை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வித்தியாசத்துக்கு ஏற்ப மோட்டாரை முடுக்குகிறது அல்லது தளர்த்துகிறது. வித்தியாசம் எல்லை மீறினால் அலாரம் அடித்து இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது. இயக்கத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

புதிதாகக் கற்பவரைக் குழப்பும் ஒரு விஷயம் இங்கே உண்டு. இடவலமான X, முன்பின்னான Y ஆகிய இரண்டிலும் பல இயந்திரங்களில் டேபிள்தான் நகர்கிறது. மேல்கீழான Z-இல் மட்டும் ஸ்பிண்டில் நகர்கிறது. ஆனால் புரோகிராம் எப்போதும் கட்டர் நகர்வதாகவே எழுதப்படும். கட்டர் வலப்பக்கம் போக வேண்டும் என்று எழுதினால் டேபிள் இடப்பக்கம் போகும். ஜாபின் மேல் உட்கார்ந்து கட்டரைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

ஓர் எளிய ஜாபை எடுத்துக்கொள்வோம். 80 மி.மீ. நீளமும் 60 மி.மீ. அகலமும் கொண்ட அலுமினியக் கட்டை வைஸில் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதன் நான்கு ஓரங்களையும் 5 மி.மீ. அகலத்துக்கு, 3 மி.மீ. ஆழம் வெட்டி இறக்க வேண்டும். நடுவில் 70-க்கு 50 மேடை நிற்கும். மேடையின் பின்பக்க வலது மூலையை மட்டும் 10 மி.மீ. ஆரத்தில் வளைக்க வேண்டும். கட்டர், 12 மி.மீ. விட்டமுள்ள மூன்று பல் கார்பைடு என்ட் மில்.

வேகங்களை முதலில் முடிவு செய்ய வேண்டும். பல்லின் நுனி நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் அலுமினியத்தை வெட்டட்டும். கட்டரின் சுற்றளவு ஏறக்குறைய 37.7 மி.மீ. என்பதால் நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்று வருகிறது. ஒரு பல் ஒரு சுற்றில் 0.05 மி.மீ. எடுத்தால், மூன்று பல்லுக்கு நிமிடத்துக்கு 600 மி.மீ. முன்னேறலாம். இதுதான் ஃபீட்.

அடுத்தது ஜாபின் பூஜ்யம். இயந்திரத்துக்குத் தன்னுடைய பூஜ்யம் மட்டுமே தெரியும். கட்டை வைஸில் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கட்டையின் முன்பக்க இடது மூலையின் மேல்முகத்தைப் பூஜ்யமாகக் கொள்வோம். எட்ஜ் ஃபைண்டரை இடது முகத்தில் தொட வைத்து, அப்போது திரை காட்டும் எண்ணோடு ஃபைண்டரின் பாதி விட்டத்தைக் கூட்டி `G54` என்ற இடத்தில் பதிய வேண்டும். 10 மி.மீ. ஃபைண்டருக்கு அந்தப் பாதி 5 மி.மீ. அதைக் கூட்ட மறந்தால் வேலை முழுவதும் 5 மி.மீ. இடப்பக்கம் தள்ளிப்போகும். நம் ஜாபில் இடது ஓரத்தில் படியே விழாது. வலது ஓரத்தில் 10 மி.மீ. படி விழும். இயந்திரத்தில் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

ஃபேனுக் வகைக் கன்ட்ரோலருக்கான புரோகிராம் இப்படி இருக்கும்:

```
O0001
G21 G17 G90 G40 G80
T1 M06
G54
S4000 M03
G00 X-1. Y-12.
G43 H01 Z50.
M08
Z2.
G01 Z-3. F600
Y61.
X65.
G02 X81. Y45. I0. J-16.
G01 Y-1.
X-12.
G00 Z50.
M09
M05
M30
```

G என்று தொடங்குபவை நகர்வு பற்றியவை. M என்பவை இயந்திரத்தின் மற்ற செயல்கள். முதல் G வரி அளவு மில்லிமீட்டரில், வளைவு XY தளத்தில், எண்கள் பூஜ்யத்திலிருந்து என்று சொல்லி, முந்தைய வேலையின் எச்சங்களையும் நீக்குகிறது. பிறகு முதல் கட்டர் ஏறுகிறது, ஸ்பிண்டில் சுழல்கிறது. `G43 H01` அந்தக் கட்டரின் நீளத்தைக் கணக்கில் சேர்க்கிறது. `M08` கூலண்ட் திறக்கிறது.

தொடக்கப் புள்ளி X-1 ஏன்? புரோகிராம் சொல்வது கட்டரின் மையம் போகும் பாதையை. மேடையின் இடது சுவர் X5-இல் இருக்கிறது. கட்டரின் ஆரம் 6. ஐந்திலிருந்து ஆறு போனால் மைனஸ் ஒன்று. Y-12 என்பது கட்டர் கட்டைக்கு வெளியே காற்றில் இறங்குவதற்காக. `G01` என்றால் சொன்ன ஃபீடில் நேர்கோடு. 3 மி.மீ. கீழே இறங்கிய பின் வரும் வரியில் `Y61.` மட்டுமே இருக்கிறது. முந்தைய `G01`, வேறொரு கட்டளை வரும்வரை செல்லும். கட்டர் இடது ஓரத்தை வெட்டியபடி பின்னோக்கிப் போய், பின் ஓரமாக வலப்பக்கம் X65 வரை செல்கிறது. மேடையைக் கடிகார முள் திசையில் சுற்றிவருவதால் பற்கள் தடித்த சீவலில் தொடங்கி மெல்லிய சீவலில் முடிக்கின்றன. சுவர் வழவழப்பாக வரும்.

இனி மூலை. `G02` என்றால் கடிகார முள் திசை வளைவு. முடிவுப் புள்ளி X81 Y45. `I0. J-16.` என்பவை, வளைவின் மையம் இப்போதிருக்கும் இடத்திலிருந்து X-இல் தள்ளாமல் Y-இல் 16 மி.மீ. முன்பக்கம் இருக்கிறது என்று சொல்கின்றன. மேடையின் ஆரம் 10, கட்டரின் ஆரம் 6, ஆக 16. புரோகிராமில் இருப்பது இரு முனைகளும் ஒரு மையமும் மட்டுமே. நடுவிலுள்ள புள்ளிகளைக் கன்ட்ரோலரே உண்டாக்குகிறது. 600 ஃபீட் என்பது நொடிக்கு 10 மி.மீ. வளைவின் தொடக்கத்தில் அந்தப் பத்தும் X மோட்டாரின் பங்கு, Y நிற்கிறது. சரிபாதியில் X-க்கு 7.07, Y-க்கு 7.07. முடிவில் X நின்றுவிட, பத்தும் Y-க்குப் போகிறது. ஒன்று தளரத் தளர மற்றது முடுகும் இந்த மாற்றம் சுமார் இரண்டரை நொடிக்குள் நடந்து முடிகிறது. கன்ட்ரோலர் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால், 25 மி.மீ. நீள வளைவு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள ஏறக்குறைய 2,500 குட்டி நேர்கோடுகளாகிறது. கண்ணுக்கும் விரலுக்கும் அது வட்டம்தான்.

இயந்திரத்தின் தேய்மானம் வெளிப்படுவதும் இதே இடத்தில்தான். Y அச்சு கடைசியாகப் பின்னோக்கிப் போய் நின்றது. வளைவில் அது முன்னோக்கித் திரும்புகிறது. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே 0.02 மி.மீ. தளர்வு இருந்தால், அந்தத் தளர்வு தீரும்வரை மோட்டார் சுழலும், டேபிள் நகராது. அதற்குள் X சுமார் 0.8 மி.மீ. போய்விடும். அவ்வளவு தூரம் வளைவுக்குப் பதிலாகத் தட்டையான ஒரு சிறு முகம் விழும். இதுவே பேக்லாஷ். நகத்தால் வருடினால் சிலசமயம் தட்டுப்படும். என்கோடர் மோட்டாரின் தண்டில் இருப்பதால் கன்ட்ரோலருக்கு இது தெரியாது; அதன் கணக்கில் எல்லாம் சரி. தளர்வை அளந்து பராமீட்டரில் பதிந்தால், திசை திரும்பும்போதெல்லாம் அது அந்த அளவைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் ஸ்க்ரூ நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேய்ந்திருந்தால் ஒரே எண் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. டேபிளிலேயே அளவுகோல் பொருத்திய இயந்திரங்கள் டேபிளின் உண்மையான இடத்தைப் படிப்பதால் இந்தத் தளர்வைக் கண்டுகொள்கின்றன.

வலது ஓரம், முன் ஓரம் முடிந்ததும் கட்டர் மேலே ஏற, கூலண்டும் ஸ்பிண்டிலும் நின்று புரோகிராம் முடிகிறது.

எண்களுக்குப் பின்னாலுள்ள புள்ளிகளை அலட்சியம் செய்யக் கூடாது. பல ஃபேனுக் கன்ட்ரோலர்களில் `Z50.` என்றால் 50 மி.மீ.; புள்ளி இல்லாத `Z50` என்றால் 0.05 மி.மீ. `G00`-க்கும் ஒரு குணம் உண்டு. அதில் ஒவ்வொரு அச்சும் தன் முழு வேகத்தில் ஓடுவதால், குறைந்த தூரமுள்ள அச்சு முதலில் நின்றுவிடும். பல இயந்திரங்களில் கட்டர் போகும் பாதை முழங்கைபோல் மடங்கும். நேராகப் போகும் என்று நம்பி வழியில் விட்ட கிளாம்ப் அடிபடுவது இப்படித்தான். இன்னும் மோசமானது `H01` இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண். 30 மி.மீ. குட்டையான கட்டரின் நீளம் அதில் இருந்தால், இந்தக் கட்டர் சொன்னதைவிட 30 மி.மீ. கீழே போய் முழு வேகத்தில் வைஸில் மோதும். அதனால் முதல் ஜாபை ஒவ்வொரு வரியாக, ரேபிட் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். கட்டர் ஜாபை நெருங்கும்போது நிறுத்தி, இன்னும் போக வேண்டிய தூரம் என்று திரை காட்டும் எண்ணையும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியையும் ஒப்பிடுவார்கள். திரை 48 என்று சொல்லும்போது இடைவெளி இரண்டு விரல் அளவே இருந்தால், அடுத்த பட்டனை அழுத்தக் கூடாது.

வெட்டி முடித்த மேடையை மைக்ரோமீட்டரில் அளந்தால் 70.00-க்குப் பதில் 70.04 வரலாம். கட்டர் சற்றுத் தேய்ந்திருக்கும், அல்லது வெட்டும் விசையில் வளைந்துகொடுத்திருக்கும். மேலே உள்ள புரோகிராமில் இதைச் சரிசெய்ய ஒவ்வொரு எண்ணையும் மாற்ற வேண்டும். அதனால் தினசரி வேலையில் மேடையின் அளவையே புரோகிராமில் எழுதி, `G41 D01` என்று சேர்த்துக் கட்டரின் ஆரத்தைத் தனியே பதிந்துவைப்பார்கள். பாதையிலிருந்து கட்டர் எவ்வளவு விலகிப் போக வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். மேடை 0.04 பெரிது என்றால் ஒரு பக்கத்துக்கு 0.02. D01-இல் 6.000 என்பதை 5.980 ஆக்கி, அதே புரோகிராமை இன்னொரு முறை ஓட்டினால் சரியாகிவிடும்.