மாடியில் சூரியன், கையில் தவணைச் சீட்டு!
எந்த வருடம் கடன் தீரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாடியில் சோலார் தகடு போட்டால் கரண்டு பில் குறையும். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், கடன் வாங்கிப் போட்டால்? பில்லில் மிச்சமாகும் பணம் பெரியதா, பாங்கியில் கட்டும் தவணை பெரியதா? போட்ட பணம் எந்த வருடம் திரும்பி வரும்?

இதற்கு எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரு வீட்டுக்கு 5 வருடம். இன்னொரு வீட்டுக்கு 30 வருடம்! ஏன் இந்த வித்தியாசம்?

யூனிட் எல்லாம் ஒரே விலை அல்ல

தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்டு பில் படிப்படியாக ஏறும் பில். 2 மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி கணக்குப் போடுவோம்.

முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட், யூனிட் 2 ரூபாய் 35 காசு. 200-க்கு மேல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 400-க்கு மேல் 500 வரை 6 ரூபாய் 30 காசு.

மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 35 காசு சலுகை போய்விடும். அந்த 100 யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு கொடுக்க வேண்டும். 500-க்கு மேல் 600 வரை யூனிட் 8 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் 800 வரை 9 ரூபாய் 45 காசு.

சோலார் தகடு எந்த யூனிட்டைக் குறைக்கிறது? உச்சிப் படியில் இருக்கும் விலை கூடிய யூனிட்டைத்தான் முதலில் குறைக்கிறது. பிறகு படிப்படியாகக் கீழே இறங்குகிறது.

ஆகவே, பெரிய பில் கட்டும் வீட்டில் தகட்டின் ஒரு யூனிட் 9 ரூபாயைக் காப்பாற்றும். சிறிய பில் கட்டும் வீட்டில் அதே யூனிட் 2 ரூபாயைத்தான் காப்பாற்றும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவன், மனைவி, 2 பிள்ளைகள், தாயார் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோடையில் ஏ.சி. ஓடுகிறது. வருடத்தில் 2 பில் 800 யூனிட். மற்ற 4 பில் 600 யூனிட்.

800 யூனிட்டுக்கு பில் ரூ.4,770. 600 யூனிட்டுக்கு ரூ.2,880.

இந்த வீட்டில் 2 கிலோவாட் தகடு போடுகிறார்கள். அதற்குச் சுமார் 200 சதுர அடி மாடி வேண்டும். 1 கிலோவாட் நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சராசரி 4 யூனிட் கொடுக்கும். 2 கிலோவாட்டுக்கு 8 யூனிட். 60 நாளில் 480 யூனிட்.

பகலில் மிஞ்சும் கரண்டு கம்பி வழியாக வெளியே போகிறது. இரவில் வேண்டியது வெளியிலிருந்து வருகிறது. இருவழி மீட்டர் இரண்டையும் எழுதிக்கொள்கிறது. வித்தியாசத்துக்குத்தான் பில்.

கோடையில் 800-ல் 480 போக மிச்சம் 320. பில் ரூ.799. அதாவது, ரூ.3,971 மிச்சம்!

மற்ற மாதங்களில் 600-ல் 480 போக 120. பில் ரூ.47. மிச்சம் ரூ.2,833. அடைமழைக் காலத்து பில்லுக்கு மட்டும் 360 யூனிட்தான் கிடைத்தது என்று வைப்போம். அப்போது மிச்சம் ரூ.2,457.

6 பில்லையும் கூட்டினால் வருடத்துக்கு ரூ.18,898. தகடு கழுவவும், சின்னப் பழுதுக்கும் சுமார் ரூ.900 தள்ளிவிடுங்கள். கையில் நிற்பது ரூ.18,000. மாதத்துக்கு ரூ.1,500.

இனி கடன் கணக்கு

தகடு, இன்வெர்ட்டர், சட்டம், கூலி எல்லாம் சேர்ந்து ரூ.1,40,000 என்று வைத்துக்கொள்வோம். கைப்பணம் ரூ.14,000. பாங்கிக் கடன் ரூ.1,26,000. வட்டி 7 சதவீதம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு மானியம் ரூ.60,000. ஆனால், அது முன்னால் வராது. தகடு மாட்டி, மீட்டர் வைத்து, அதிகாரிகள் சரி பார்த்த பிறகுதான் வரும்.

இங்கேதான் பலர் திகைக்கிறார்கள். முழுக் கடனுக்கு 5 வருடத் தவணை மாதம் சுமார் ரூ.2,495. மிச்சமோ ரூ.1,500! மானியம் வரும் வரை மாதம் ரூ.1,000 கையிலிருந்து போக வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

மானியம் கடனில் வரவானதும் பாக்கி சுமார் ரூ.66,000. உடனே பாங்கிக்குப் போய்த் தவணையைக் குறைத்து எழுதச் சொல்ல வேண்டும். 5 வருடத்துக்கு மாதம் ரூ.1,307.

இப்போது மிச்சம் ரூ.1,500. தவணை ரூ.1,307. மாதம் ரூ.193 வீட்டுக்கு லாபம். 5 வருடத்தில் அது ரூ.11,580 ஆகும். கைப்பணத்தில் இன்னும் ரூ.2,420 திரும்ப வேண்டும். தவணை முடிந்துவிட்டதால் 6-ம் வருடம் 2-ம் மாதத்தில் அதுவும் வந்துவிடும். அதன் பிறகு மிச்சம் முழுவதும் வீட்டுக்கே.

10 வருடத் தவணை எடுத்தால்? மாதம் ரூ.766-தான். கைக்குச் சுகம். ஆனால், வட்டி மட்டும் சுமார் ரூ.13,500 கூடுதலாகப் போகும்.

"இன்னும் ஒன்று போடலாமே!"

"2 எதற்குங்க? 3 கிலோவாட்டாகப் போட்டு பில்லே இல்லாமல் செய்துவிடலாமே!" என்கிறாள் மனைவி.

ஆசை நியாயம்தான். ஆனால், கணக்கு இடிக்கிறது. 3 கிலோவாட்டுக்கு ரூ.2,00,000 என்றால் மானியம் ரூ.78,000. 3-வது கிலோவாட்டுக்காகக் கையிலிருந்து போவது ரூ.42,000. அது புதிதாகக் காப்பாற்றுவது வருடத்துக்கு ரூ.2,162 மட்டும். ஏனென்றால், விலை கூடிய யூனிட்டை எல்லாம் முதல் 2 கிலோவாட்டே தின்றுவிட்டது. அந்த ரூ.42,000 திரும்ப 19 வருடத்துக்கு மேல் ஆகும்!

சிறிய வீட்டின் நிலையும் இதுதான். 200 யூனிட் செலவழிக்கும் வீட்டின் பில் ரூ.235. வருடத்துக்கு ரூ.1,410. மானியம் போக ரூ.45,000 கொடுத்து 1 கிலோவாட் போட்டால், பில் முழுவதும் மிச்சமானாலும் 30 வருடத்துக்கு மேல் ஆகும். அந்த வீட்டுக்குக் கடன் வேண்டாம்.

கணக்கைக் கெடுப்பவை

முதல் எதிரி நிழல். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தால், அதோடு கோத்த மற்ற தகடுகளும் தளரலாம். பணம் கட்டுமுன் காலை, மதியம், மாலை 3 வேளையும் மாடி ஏறிப் பாருங்கள்.

அடுத்தது தூசி. இன்வெர்ட்டரில் அன்றைய யூனிட் தெரியும். நல்ல வெயில் நாளில் 8-க்குப் பதில் 5, 6 என்று காட்டினால் தகட்டைக் கழுவுங்கள். கழுவியும் ஏறாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

தகடு 25 வருடம் உழைக்கும். வருடா வருடம் துளித் துளியாகச் சக்தி குறையும். இன்வெர்ட்டருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. 10 வருடத்துக்குப் பிறகு ஒரு தடவை மாற்ற நேரலாம். கடன் தீர்ந்த பின் வரும் மிச்சத்தில் கொஞ்சம் அதற்கென ஒதுக்கிவிடுங்கள்.

பாட்டரி இல்லாத சோலார், கரண்டு நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. பழுதல்ல.

கடைக்காரர் சொல்லும் வருடக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் வீட்டின் கடைசி 6 பில்லையும் எடுத்து வையுங்கள். பில்லில் இப்போது உள்ள விலையைப் போட்டு, மேல்படியிலிருந்து யூனிட்டைக் கழியுங்கள். வரும் தொகையைத் தவணையின் பக்கத்தில் எழுதுங்கள். மிச்சம் பெரியதாக இருந்தால் கையெழுத்துப் போடலாம்!