நீல வெளிச்சமும் சப்பென்ற தண்ணீரும்

குடிநீர் மெஷின் பழுது பார்க்கப் போகிறவர்களின் காதில் அடிக்கடி விழும் புகார்கள் இரண்டு. “உள்ள நீல லைட்டு எரியல” என்பது ஒன்று. “தண்ணி சப்புன்னு இருக்கு” என்பது மற்றொன்று. பல வீடுகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். லைட் எரியாததால்தான் தண்ணீருக்கு ருசி போய்விட்டது என்று அவர்களாகவே முடிச்சுப் போட்டும் வைத்திருப்பார்கள்.

அந்த முடிச்சு தவறு. புற ஊதா விளக்கு தண்ணீரில் எதையும் சேர்ப்பதில்லை, எதையும் எடுப்பதுமில்லை. உப்பு, குளோரின், மண்வாடை எல்லாம் விளக்கைத் தாண்டியும் அப்படியேதான் வரும். கிருமியின் மரபணுவைச் சிதைத்து அதைப் பெருகவிடாமல் செய்வது மட்டுமே அதன் வேலை. ஆகவே விளக்கு செத்துப்போன அன்றும் தண்ணீர் முந்தின நாள் இருந்த ருசியில்தான் இருக்கும். நாக்குக்குத் தெரியாத பழுது இது. கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும், அந்தக் கண்ணும் பாதிதான் உதவும்.

ஏன் பாதி? குழாய்க்குள் இருக்கும் துளி பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது கிருமியைக் கொல்லும் கதிர் பிறக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். மனிதக் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நாம் பார்க்கும் நீல நிறம், அதே ஆவி கூடவே உமிழும் சாதாரண வெளிச்சம். நீலம் தெரிந்தால் மின்சாரம் ஓடுகிறது என்று பொருள், போதுமான கதிர் தண்ணீரைச் சேர்கிறது என்று பொருளல்ல. இந்த விளக்குகளுக்குப் பெரும்பாலும் 8,000 முதல் 9,000 மணி நேரம் வரை ஆயுள் சொல்வார்கள். அதற்குப் பிறகும் விளக்கு எரியும். குழாயின் கண்ணாடி மங்கி, கதிரின் வலு குறைந்திருக்கும், நீலம் மட்டும் பழையபடி அழகாகத் தெரியும். நாள் முழுக்க எரியவிடும் மெஷினில் ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். “வருஷத்துக்கு ஒரு பல்பு” என்று சர்வீஸ்காரர்கள் சொல்வது முழுக்க வியாபாரப் பேச்சு அல்ல.

விளக்கு எரியவில்லை என்றால் திருப்புளியை எடுப்பதற்கு முன் தொட்டியைப் பார்க்க வேண்டும். இன்றைய ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில் மோட்டார் ஓடும்போது மட்டும்தான் விளக்கு எரியும். தொட்டி நிரம்பி மிதவை மேலே வந்ததும் மோட்டாரோடு சேர்ந்து விளக்கும் அணைந்துவிடும். குழாயில் தண்ணீர் வரத்து குறைந்தாலும் இதேதான். ஒரு பாத்திரம் தண்ணீர் பிடித்து, மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு விளக்குப் பேரலின் முனையிலுள்ள மூடியைப் பார்த்தால் போதும். பிளாஸ்டிக் மூடி வழியாக மங்கலான நீலம் கசிந்தால் பழுது இல்லை. பேரலைத் திறந்து எரியும் விளக்கை நேரில் பார்க்கக் கூடாது. இந்தக் கதிர் பட்ட அந்த நொடியில் வலிக்காது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தி, சிவந்து, நீர் கொட்டும்.

மோட்டார் ஓடியும் நீலம் இல்லையென்றால் குற்றவாளி மூன்றில் ஒன்று: சோக், விளக்கு, இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு. கண்டுபிடிக்க வேண்டியது இந்த வரிசையைத் திருப்பிப் போட்டு. இணைப்புதான் முதல் சந்தேகம், ஏனென்றால் மெஷினுக்குள் எங்காவது ஒரு சொட்டு கசிந்தாலும் முதலில் பச்சை பூப்பது அங்கேதான். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, விளக்கின் முனையில் மாட்டியிருக்கும் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் பச்சையோ கருப்போ தெரியும். துடைத்து, இறுக்கி மாட்டியதும் எரிந்துவிடுவதும் உண்டு.

அடுத்தது விளக்கு. வீட்டு மெஷின்களில் பரவலாக இருப்பது 11 வாட் விளக்கு. அதன் இரு முனைகளிலும் மெல்லிய இழைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பின்கள். நான்கு பின்னும் ஒரே பக்கம் வரும் மாடலும் உண்டு. மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து ஓர் இழையின் இரு பின்களைத் தொட்டால் சில ஓம்கள் காட்ட வேண்டும். மீட்டர் அசையவில்லை என்றால் இழை அறுந்துவிட்டது, விளக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காட்டுகிறது என்றால் விளக்கு நன்றாக இருக்கிறது என்று உடனே சொல்லிவிட முடியாது. கண்ணாடியில் முடிபோல் ஒரு விரிசல் விழுந்து உள்ளே காற்று புகுந்திருந்தாலும் இழை முழுசாகவே இருக்கும், விளக்கு மட்டும் பற்றாது. முனைகள் கருத்திருப்பது முதுமையின் அடையாளம்.

மிச்சம் இருப்பது சோக். சிறிய பெட்டி, ஒரு பக்கம் மெஷினின் 24 வோல்ட் அடாப்டரிலிருந்தோ நேராக வீட்டு மின்சாரத்திலிருந்தோ ஒயர் வரும், மறுபக்கம் விளக்குக்குப் போகும். 24 வோல்ட் மாடலில், உள்ளே வரும் பக்கத்தில் மின்சாரம் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கலாம். விளக்குக்குப் போகும் பக்கத்தில் மீட்டர் வைக்கக் கூடாது. விளக்கைப் பற்றவைக்கும் தருணத்தில் அங்கே பல நூறு வோல்ட் எழும், அதிர்வெண்ணும் அதிகம். சாதாரண மீட்டர் அங்கே காட்டும் எண்ணை நம்பவும் முடியாது. அதற்குப் பதில் அனுபவசாலிகள் செய்வது மாற்றிப் பார்ப்பது: அதே வாட்டில், நன்றாக எரியும் வேறொரு விளக்கை அந்தச் சோக்கில் மாட்டுகிறார்கள். எரிந்தால் பழைய விளக்கு போய்விட்டது, எரியாவிட்டால் சோக். இந்தச் சோதனையிலும் விளக்கு பேரலுக்குள்ளேதான் இருக்க வேண்டும். முனைகள் மட்டும் சிவந்து நடுவில் பற்றாமல் நின்றால் சோக் வலுவிழந்திருக்கலாம், விளக்கு கிழடாகியிருக்கவும் கூடும். புதுச் சோக் வாங்கும்போது வாட்டும் வோல்ட்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். 16 வாட் சோக்கில் 11 வாட் விளக்கை மாட்டினால் நன்றாகத்தான் எரியும், கொஞ்ச நாளைக்கு.

எல்லாம் எரிகிறது, ஆனால் கதிர் தண்ணீருக்குப் போகவில்லை என்பது மூன்றாவது நிலை. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விளக்கு நேரடியாகத் தண்ணீரில் நனைவதில்லை, அதைச் சுற்றி ஒரு குவார்ட்ஸ் உறை இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால்தான் குவார்ட்ஸ். விளக்கின் சூட்டில் உறையும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கடின நீரிலுள்ள சுண்ணாம்பு, சூடான பரப்பில் படிவதையே விரும்பும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகக் கட்டுவதும் இதுவே. இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரானால் படிவு பழுப்பாக இருக்கும், கதிரை இன்னும் மோசமாக விழுங்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று உறையைத் தூக்கி எறிந்த ஒரு வடிவமைப்பும் உண்டு. 1992-ன் பிற்பகுதியில் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா கண்டறியப்பட்டு, வங்காளம் வரை பரவிப் பல உயிர்களைப் பலிகொண்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய இந்திய இயற்பியலாளர் அசோக் காட்கில் அதையொட்டி ‘யூ.வி. வாட்டர்வொர்க்ஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். அதில் விளக்கு தண்ணீருக்குள் இல்லை, ஓடும் நீர்ப்பரப்புக்கு மேலே காற்றில் தொங்கும். தண்ணீர் தொடாத இடத்தில் உப்பு எப்படிப் படியும்? நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டரைச் சுத்திகரிக்கும் அந்தக் கருவி ஊர்ப் பயன்பாட்டுக்கானது. சமையலறைச் சுவரில் மாட்டும் பெட்டியில் அவ்வளவு இடம் கிடையாது, ஆகவே அங்கே உறையும் அதைத் துடைக்கும் வேலையும் தொடர்கின்றன.

துடைக்கும் முறை எளிது, அவசரப்பட்டால்தான் கெடும். மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீர் வால்வை மூடி, பேரலிலுள்ள நீரை வடித்துவிட்டு முதலில் விளக்கை உருவ வேண்டும். பிறகு முனை மூடியைத் தளர்த்தி, ரப்பர் வளையத்தை எடுத்து உறையை வெளியே இழுக்கலாம். ஈரமாக இருக்கும்போது உறை பளிங்குபோல் தெரியும், அதை நம்பக் கூடாது. நன்றாகக் காயவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நீர் மறைத்து வைத்திருந்த பால்நிறப் படலம் அப்போதுதான் தலைகாட்டும். வினிகரில் நனைத்த மென்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் சுண்ணாம்புப் படிவு இளகி வந்துவிடும். பழுப்புக் கறைக்கு எலுமிச்சை உப்புக் கரைசல் மேல். பாத்திரம் தேய்க்கும் நார் ஆகாது, கீறலில் அடுத்த படிவு இன்னும் சீக்கிரம் ஒட்டும். மறுபடி மாட்டும்போது வெறும் விரலால் உறையையோ விளக்கையோ பிடித்தால் எண்ணெய்ப்பசை ஒட்டும், ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட வேண்டும். விளக்கைச் செருகுவதற்கு முன் தண்ணீரைத் திறந்து, உறைக்குள் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இனி அந்தச் சப்பென்ற ருசி. அதற்குக் காரணம் பெரும்பாலும் மெம்ப்ரேன். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 900, மெம்ப்ரேனைத் தாண்டி வருவது 30 என்று வைத்துக்கொள்வோம். உப்பு இவ்வளவு போன நீர் நாக்கில் ஒட்டாது. வீட்டுக்காரர் புகார் செய்கிறார், சர்வீஸ்காரர் மெஷினுக்குள் உள்ள டி.டி.எஸ். திருகைக் கொஞ்சம் திறக்கிறார், மீட்டர் 100 காட்டுகிறது, தண்ணீர் இனிக்கிறது. அந்தத் திருகு மெம்ப்ரேனைத் தொடாத தண்ணீரைக் கலந்துவிடுகிறது. 30-ஐ 100 ஆக்க, நூறு லிட்டருக்குச் சுமார் 8 லிட்டர் அப்படிக் கலக்க வேண்டும். அந்த 8 லிட்டருக்கு, மாடலைப் பொறுத்து, நுண்வடிகட்டியோ புற ஊதா விளக்கோ இரண்டுமோதான் காவல். வைரஸ்கள் நுண்வடிகட்டியில் நழுவக்கூடும். விளக்கு எரியாத மெஷினில் ருசிக்காகத் திருகைத் திறப்பது, கிருமிக்கு வழி திறப்பது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் விளக்கு, பிறகு திருகு. டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டும் அளக்கும், கிருமியை அளக்காது.

ஆர்.ஓ. இல்லாத வெறும் புற ஊதா மெஷினில் சப்பென்று இருந்தால், விளக்கின் சூட்டில் பேரலுக்குள் தேங்கி நின்ற நீராக இருக்கலாம். வெதுவெதுப்பான நீரிலிருந்து கரைந்த காற்று வெளியேறிவிடும். கொதித்து ஆறிய நீர் சப்பென்று இருப்பதற்கும் அதுவே ஒரு காரணம். முதல் டம்ளரைக் கொட்டிவிட்டுப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். குளோரின் நாற்றமோ மண்வாடையோ அடித்தால் அது கார்பன் வடிகட்டியின் வேலை முடிந்துவிட்ட அறிகுறி.

விளக்கைச் சரிசெய்த பிறகும் ஒரு வேலை பாக்கி. புற ஊதாக் கதிருக்கு மிச்சம் கிடையாது, குளோரின்போல் தண்ணீரோடு கூடவே போய்க் காவல் காக்காது. விளக்கு அணைந்திருந்த நாட்களில் தொட்டியில் சேர்ந்த தண்ணீர் சுத்திகரிக்கப்படாத தண்ணீர்தான். அதை வடித்து, தொட்டியைக் கழுவி, அடுத்த முறை நிரம்பிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு குடிக்கலாம். அதுவரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த தண்ணீர் போதும். கழற்றிய விளக்கில் பாதரசம் இருப்பதால் அதைக் குப்பைக் கூடையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். கைதவறி உடைந்துவிட்டால் துடைப்பம் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பி, கையுறை அணிந்து கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, மிச்சத் துகளை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு வைக்கலாம்.