நடுவில் இருப்பவர்கள் யார்?

ஒரு நூலகத்தில் 50 உறுப்பினர்களிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். கதை படிப்பவர்கள் 28 பேர், வரலாறு 22, அறிவியல் 17. கதையும் வரலாறும் படிப்பவர்கள் 10 பேர், வரலாறும் அறிவியலும் 7, கதையும் அறிவியலும் 8. மூன்றையும் படிப்பவர்கள் 4 பேர். இவற்றில் எதையுமே படிக்காதவர்கள் எத்தனை பேர்?

ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களை வரைந்தால் பள்ளியில் பார்த்த வென்படம் வந்துவிடும். பலரும் அடுத்து செய்வது, கதையும் வரலாறும் சேரும் இடத்தில் நேராக 10 என்று எழுதுவது. மற்ற இரண்டு இடங்களில் 7, 8. நடுவில் 4. பிறகு அறிவியல் மட்டும் படிப்பவர்களைக் கண்டுபிடிக்க 17-லிருந்து 7, 8, 4 மூன்றையும் கழித்தால் வருவது -2. இல்லாத வாசகர் இரண்டு பேர்! எல்லாக் கணக்கிலும் தப்பு இப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. எண்கள் பெரிதாக இருந்தால் நம்பும்படியான தவறான விடை வந்துவிடும்.

கதையும் வரலாறும் படிக்கிற அந்த 10 பேரில், அறிவியலையும் சேர்த்துப் படிக்கும் 4 பேரும் அடக்கம். இரண்டு வட்டங்களின் பொதுப்பகுதி என்பது மூன்றாம் வட்டத்துக்கு வெளியே நிற்கும் துண்டு மட்டுமல்ல, நடுத்துண்டும் சேர்ந்ததுதான். அதனால் நடுவிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். முதலில் 4. பிறகு 10-4=6, 7-4=3, 8-4=4. அதன்பின் கதை மட்டும் 28-6-4-4=14, வரலாறு மட்டும் 22-6-3-4=9, அறிவியல் மட்டும் 17-3-4-4=6. ஏழு துண்டுகளையும் கூட்டினால் 46. எதையும் படிக்காதவர்கள் 4 பேர். அவர்கள் வட்டங்களுக்கு வெளியே, ஆனால் சுற்றியுள்ள செவ்வகத்துக்குள் இருக்கிறார்கள். செவ்வகத்தை வரையாமல் விட்டால் இவர்களுக்கு இடமே இல்லை.

வட்டங்கள் வெட்டிக்கொள்வதாலேயே அங்கே ஆள் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் வரைந்த படங்களில், பொதுவாக எதுவும் இல்லாத இரண்டு வட்டங்கள் தள்ளித் தள்ளி நின்றன. 1880-இல் ஜான் வென் வேறு வழி சொன்னார்: சாத்தியமான எல்லாத் துண்டுகளையும் முதலில் வரைந்துவிடு, காலியானதை நிழலிட்டு அடை. ஒற்றைப்படை எண்களுக்கும் 4-ஆல் வகுபடும் எண்களுக்கும் வென்படம் வரைந்தால் பொதுப்பகுதி இருக்கும். அதற்குள் ஓர் எண்கூட இருக்காது. துண்டின் பரப்பும் அப்படித்தான். பெரிதாக வரைந்தால் பெரிய எண்ணிக்கை என்று பொருளில்லை.

நான்கு கணங்கள் என்றால் வட்டங்கள் போதாது. தேவை 16 பகுதிகள். நான்கு வட்டங்களை எப்படி வைத்தாலும் 14-க்கு மேல் கிடைக்காது. வென் அதற்கு நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார்.