‘பார்க்கலாங்க’ என்று எழுதாதீர்கள்

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவர் ஒரு பெண். திருநெல்வேலியில் பள்ளிகளுக்கு விளையாட்டு டி-ஷர்ட் கொடுக்கும் கடை ஒன்று, நான்கு வருடமாக இவரிடம்தான் சரக்கு எடுக்கிறது. கடைக்காரரை இவர் அண்ணாச்சி என்று கூப்பிடுவார். பணம் இழுத்தடிக்காமல் 45 நாளில் வந்துவிடும். ஏப்ரலில் ஒரு காலை அண்ணாச்சியின் மெயில் வருகிறது: ‘ஜூனுக்கு 1,000 பீஸ் வேண்டும். பழைய ஆள் என்ற முறையில் 8 சதவீதம் குறைத்துப் பில் போடம்மா. 184 ரூபாய்க்குத் தர இங்கே ஆள் இருக்கிறது.’

இப்படி ஒரு மெயில் வந்ததும் நம்மில் பலருக்குக் கை தானாக எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘பார்க்கலாங்க அண்ணாச்சி, முடிந்த அளவு செய்து தருகிறேன்.’ இந்த ‘பார்க்கலாங்க’தான் பின்னால் உறவை முறிக்கிறது. எழுதியவர் ‘முடியாது’ என்பதை நாசூக்காகச் சொல்லிவிட்டதாக நினைப்பார். படித்தவர் சரி என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு விலை சொல்லிவிடுவார். பில் 200 ரூபாய்க்கு வரும்போது அவருக்கு அது பேச்சு மாறியதாகத் தெரியும். விலை குறைக்கவில்லை என்ற வருத்தம் ஒரு வாரத்தில் போய்விடும். சொன்ன பேச்சைக் காப்பாற்றவில்லை என்ற வருத்தம் போகாது.

ஆகவே மறுப்பைத் தெளிவாக எழுத வேண்டும். அதற்கு முன், எதை மறுக்கிறோம் என்று எழுதுபவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பீஸ் 200 ரூபாய் என்ற விலையைப் பிரித்துப் பார்ப்போம். சாயம் போட்ட துணி 100 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் கூலி 42. பிரிண்டிங் 18. நூல், லேபிள், கவர், அட்டைப்பெட்டி 7. வாடகை, மின்சாரம், வட்டி என்று 15. ஆக 182. மிச்சம் 18 ரூபாய்.

அண்ணாச்சி கேட்பது 8 சதவீதம்தான். அது 200 ரூபாயில் 16 ரூபாய். ஆனால் அந்த 16 ரூபாயைத் துணிக்கடையோ சாயப்பட்டறையோ தையல்காரரோ தரப்போவதில்லை. முழுவதும் அந்த 18 ரூபாயிலிருந்துதான் போகும். பீஸுக்கு மிஞ்சுவது 2 ரூபாய். 1,000 பீஸுக்கு 18,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 2,000 வரும். பழைய லாபத்தை எடுக்க 9,000 பீஸ் தைக்க வேண்டும். கேட்பவர் சதவீதத்தை விற்பனை விலையில் பார்க்கிறார். கொடுப்பவர் அதை லாபத்தில் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பதில் எழுத உட்கார்ந்தால், கூச்சத்தில் ஐந்து சதவீதமாவது கொடுத்துவிடுவோம்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. ஆர்டரே இல்லாமல் மெஷின்கள் சும்மா கிடக்கும் மாதமாக இருந்தால் அந்த 15 ரூபாய் வாடகையும் வட்டியும் எப்படியும் செலவாகிவிடும். அப்போது குறைந்த விலைக்குத் தைப்பதிலும் அர்த்தம் இருக்கலாம். பள்ளி திறக்கும் பருவத்தில், எல்லா மெஷினும் ஓடும்போது, அந்த நியாயம் கிடையாது.

அடுத்து, 184 ரூபாய்க்குத் தரும் அந்த ஆள். அண்ணாச்சி பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும், ஆனால் வேறு துணியாக இருக்கும். டி-ஷர்ட் துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்பார்கள்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பது. இவர் தருவது 180. அதை 160 ஆக்கினால் துணிச் செலவு ஒன்பதில் ஒரு பங்கு குறையும். பீஸுக்குச் சுமார் 11 ரூபாய். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்வது கஷ்டம். வட்டக் கட்டர் ஒன்று இருக்கிறது, சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தரும். அதை நிறுத்து நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.8 கிராம் இருந்தால் 180. எதிராளியின் சரக்கைக் குறை சொல்லி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. இரண்டு துணித் துண்டுகளை அனுப்பினால் போதும்.

இவ்வளவும் மனதில் வைத்து எழுதினால் பதில் இப்படி வரும்.

பொருள்: ஜூன் ஆர்டர் 1,000 பீஸ், விலையும் டெலிவரி தேதியும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஜூனில் எக்ஸ்எல் சைஸ் நாற்பது பீஸ் குறைவாக அனுப்பிவிட்டோம். நீங்கள் கோபப்படாமல் இரண்டு நாள் பொறுத்து, பள்ளிக்கூடத்திலும் பேசிச் சமாளித்தீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. இந்த வருடமும் எங்களிடமே கேட்டதற்கு நன்றி.

நீங்கள் கேட்ட 8 சதவீதத்தை என்னால் குறைக்க முடியாது அண்ணாச்சி. இதே 180 ஜிஎஸ்எம் துணி, இதே தையல், 45 நாள் கடன் என்றால் பீஸ் 200 ரூபாய்தான். அதற்குக் கீழே போனால் சரக்கில்தான் கை வைக்க வேண்டிவரும். உங்கள் கடைப் பெயரில் போகும் சட்டையில் உங்களுக்குத் தெரியாமல் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

செலவு குறைய வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. சரக்கு வந்த அன்றே பணம் அனுப்ப முடிந்தால் 197 ரூபாய்க்குப் பில் போடுகிறேன். துணி 160 ஜிஎஸ்எம் போதும் என்றால் 189 ஆகும். வெள்ளைச் சட்டையில் அது கொஞ்சம் உள்ளே தெரியும், அதனால் விளையாட்டுக்கு நான் 180-ஐத்தான் சொல்வேன். இரண்டு துணியிலும் சாம்பிள் இன்று கூரியரில் வருகிறது. கையில் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

எதை எடுத்தாலும் மே 25-க்குள் சரக்கு கடையில் இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கலரும் சைஸ் கணக்கும் வந்தால் சாயத்துக்கு லாட் போட்டுவிடுவேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுகிறேன்.

இதில் நன்றியைக் கவனியுங்கள். ‘தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி’ என்று எழுதியிருந்தால் அது எந்தக் கடைக்கும் பொருந்தும். படிப்பவர் கண் அதைத் தாண்டி ஓடிவிடும். எக்ஸ்எல் சைஸ் கதை இவருக்கு மட்டுமே உரியது. அதில் தன் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொண்டு, அவர் செய்த உதவியையும் சொல்லியாயிற்று. உறவின் சூடு கடிதத்தில் இருக்கும் இடம் இது. ‘மன்னிக்கவும்’, ‘தவறாக நினைக்க வேண்டாம்’, ‘மிகவும் வருந்துகிறோம்’ என்று அடுக்கினால் அது வராது. நியாயமான விலை சொல்வதற்கு மன்னிப்பு கேட்டால், விலையிலேயே ஏதோ கோளாறு என்ற எண்ணம்தான் கேட்பவருக்கு வரும்.

மறுப்பு இரண்டாம் பத்தியின் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. ‘என்னால்’ என்று இருக்கிறது. ‘கம்பெனி விதிமுறைப்படி’ என்றோ ‘பார்ட்னர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்றோ எழுதினால் அண்ணாச்சி அடுத்து அந்தப் பார்ட்னருக்குப் போன் போடுவார். நான்கு வருடம் பேசிப் பழகியவரிடம் முடிவைத் தானே சுமப்பதுதான் மரியாதை.

‘நூல் விலை ஏறிவிட்டது’ என்ற காரணமும் கடிதத்தில் இல்லை. அது உண்மையாகவே இருந்தாலும் நான் எழுத மாட்டேன். திருப்பூரில் நூல் விலை ஏறுவதும் இறங்குவதும் எல்லோருக்கும் தெரியும். இன்று ஏற்றத்தைக் காரணம் சொன்னால், இறங்கும் மாதத்தில் குறைத்தே ஆக வேண்டும். மேலே போட்ட 182 ரூபாய்க் கணக்கையும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் ஒவ்வொரு வரியும் பேரத்துக்கு வரும்: பிரிண்டிங் ஏன் 18, கூலி ஏன் 42 என்று. கணக்கு எழுதுபவரின் நோட்டில் இருக்கட்டும்.

197 ரூபாய் எப்படி வந்தது? இரண்டு லட்ச ரூபாய் 45 நாள் வெளியில் நின்றால், வருடத்துக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில் சுமார் 2,960 ரூபாய். பீஸுக்கு மூன்று ரூபாய். அந்த வட்டி மிச்சமானால் அதை அண்ணாச்சிக்கே கொடுக்கலாம். லாபம் 18 ரூபாய் அப்படியே நிற்கும். 160 ஜிஎஸ்எம்முக்கும் அதே கதைதான். இரண்டையும் அவர் எடுத்துக்கொண்டால் விலை 186 ஆகிவிடும், அவர் கேட்டதற்கு இரண்டு ரூபாய்தான் மேலே. ஆனால் இப்போது எது குறைந்ததால் விலை குறைந்தது என்பது இருவருக்கும் தெரியும். மூன்று ரூபாய்ச் சலுகையைப் பில் போடும்போதே பில்லில் காட்ட வேண்டும். காட்டினால் ஜிஎஸ்டி குறைந்த தொகைக்கே கணக்காகும். பிறகு பார்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டால் வரிக் கணக்கில் சிக்கல் வரும்.

பலர் செய்யும் தவறு ஒன்று, ஆறுதலுக்கு இரண்டு சதவீதம் கொடுப்பது. எதையும் மாற்றாமல் விலை மட்டும் குறைந்தால், அந்த நான்கு ரூபாய் முன்பே குறைத்திருக்கக் கூடியதுதான் என்று அர்த்தமாகிவிடும். அண்ணாச்சி அடுத்த தடவை 10 சதவீதம் கேட்பார். அவர்மேல் தப்பில்லை.

45 நாள் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. ஒழுங்காகப் பணம் தரும் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் அதை நினைவூட்டத் தேவையில்லை. அங்கே அது மிரட்டலாகத்தான் படும்.

இதையெல்லாம் போனிலேயே பேசிவிடலாமே என்று தோன்றலாம். போனில்தான் ‘பார்க்கலாங்க’ வாயில் வந்துவிடும். மெயில் முதலில் போகட்டும், அன்று மாலையே போன். மெயிலை அண்ணாச்சி மட்டும் படிக்க மாட்டார், கணக்குப் பார்க்கும் மகனும் படிப்பார். எக்ஸ்எல் சைஸ் கதையை மகன் அறியமாட்டான். 200, 197, 189 என்ற மூன்று எண்களும் மே 25 என்ற தேதியும் அவனுக்குப் போதும். அதனால்தான் அவை சுற்றி வளைக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன.

பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அந்த நாட்களில் பயந்துபோய் ‘சரி அண்ணாச்சி, 192-க்கு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று இன்னொரு மெயில் அனுப்பிவிடாதீர்கள். சாம்பிள் வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். கலர் சார்ட்டை அனுப்பி, வெள்ளிக்கிழமையை நினைவுபடுத்துங்கள். விலையைப் பற்றி எழுத வேண்டியதை ஏற்கெனவே எழுதியாயிற்று.